நார்மலைசேஷனுக்குத் தமிழ்ச்சொல்: மாலைக்குள் கடிதம் போக வேண்டும்

தேனிக்காரன்:
வணக்கம். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, இணையக்கடை செய்துகொடுத்த தம்பிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். இதுவரை எழுதியது:

"தம்பி, தேடுபெட்டியில் கொத்தமல்லி என்று அடித்தால் 'பொருள் இல்லை' என்கிறது. பொருள் பக்கத்திலிருந்து அதே பெயரை நகலெடுத்து ஒட்டினால் வருகிறது. சீரகமும் மிளகும் அடித்தாலே வருகின்றன. கோதுமையும் சோம்பும் வருவதில்லை."

அடுத்த வரியில் நார்மலைசேஷன் வர வேண்டும். அண்ணாச்சிக்கும் புரியும்படி என்ன போடலாம்?

நிரலி:
அண்ணாச்சி பாதி வேலையை முடித்துவிட்டார்! வராதவை எல்லாம் ஒகர, ஓகாரக் குறி உள்ளவை. யூனிகோடில் 'கொ'வை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே, இல்லாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் கொத்தமல்லி முதல் வகையில் 10 குறிகள், இரண்டாவதில் 11. நேருக்கு நேர் ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவருவதுதான் நார்மலைசேஷன். தம்பி செய்ய வேண்டியது:

```
name = name.normalize("NFC")
query = query.normalize("NFC")
```

பட்டியலுக்கும் செய்ய வேண்டும், தேடுபவர் அடிப்பதற்கும் செய்ய வேண்டும். சொல்லா? 'இயல்பாக்கம்' போதுமே.

புலவர்:
போதாது. புணர்ச்சியில் மாற்றமே நிகழாததுதான் இயல்பு. இங்கே மாற்றம் நிகழ்கிறது. 'ஓருருவாக்கம்' என்க. தொல்காப்பியர் எகர ஒகரத்துக்குப் புள்ளி விதித்தார். ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டார்கள், கொவும் கோவும் ஒன்றுபோல் நின்றன. அங்கே ஈரெழுத்துக்கு ஓர் உரு, இங்கே ஓரெழுத்துக்கு ஈருரு. இதை விரித்தால்...

தேனிக்காரன்:
ஐயா, பிறகு விரியுங்கள். அதை 'ஓர் உருவாக்கம்' என்று படித்து, புதுக்கடைக்குக் காசு கேட்கிறோம் என்று அண்ணாச்சி பயந்துவிடுவார்.

யாழ்வாசி:
இது எழுத்துருப் பிரச்சினை போல கிடக்கு. என்னட்டையும் பாமினியில அடிச்ச விலைப்பட்டியல் இருக்கு, தேடினா ஒண்டும் வராது. யூனிகோட்டுக்கு மாத்தச் சொல்லுங்கோ, எல்லாம் சரிவரும்.

நிரலி:
உங்களுடையது வேறு நோய். இது யூனிகோடில்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் சீரகமும் வந்திருக்காது. ஆனால் பாமினியிலிருந்து மாற்றிய பட்டியலாக இருக்கலாம். மாற்றும் கருவி சரியில்லாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்தே தங்கிவிடும்.

தேனி, சௌசௌவையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். பலர் கொம்பு போட்டு ளகரத்தைச் சேர்த்து அடிக்கிறார்கள். பார்வைக்கு ஔகாரம், உள்ளே வேறு எழுத்து. அதை `NFC` தொடாது, தனியாகத்தான் மாற்ற வேண்டும். தனியா என்று தேடுபவருக்குக் கொத்தமல்லியைக் காட்டவும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் தனியே வேண்டும்.

தேனிக்காரன்:
'சீராக்கம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அண்ணாச்சி படித்துப் பார்த்துச் சரி என்றார். தனியாவுக்கும் சௌசௌவுக்கும் ஆளுக்கொரு வரி.

புலவர்:
சீர் யாப்புக்கு உரியது. என் மறுப்பைப் பதிவுசெய்க.