கள்ளந்திரி வீட்டுக் குழு: சனிக்கிழமை எண்ணெயும் கவினின் சென்சாரும்

ஞாயிறு

செல்வி (காலை 9:12)
மலர் மதினி, கவின் கையில் இருந்த சுகர் சென்சார் இன்றைக்கும் கழன்றுவிட்டது. 14 நாள் இருக்க வேண்டியது, ஒட்டி ஐந்து நாள்தான் ஆகிறது. தொடர்ந்து இது மூன்றாவது. லீவுக்கு அப்பத்தா வீட்டுக்கு வந்ததிலிருந்துதான் இப்படி. கிணற்றில் குளித்துவிட்டு வந்து துண்டால் துடைத்தான், துண்டோடு வந்துவிட்டது. ஒன்று நாலாயிரத்துச் சொச்சம். என்ன செய்வது என்றே தெரியவில்லை.

முருகேசன் (9:20)
இந்த வெயிலுக்கு வேர்வைதான் காரணம் செல்வி. ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் கொஞ்சம் பவுடர் போட்டுவிடு, வேர்க்காது. மேலே நான் வாங்கிக் கொடுத்த அகலப் பிளாஸ்திரியை இழுத்து ஒட்டு. அசையாது.

செல்வி (9:22)
பிளாஸ்திரி ஒட்டித்தான் இருந்தது அண்ணே. அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது.

ராஜு பெரியப்பா (9:31)
எனக்குப் போன வருடம் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு நாள் முழுக்க ஈசிஜி எடுத்தார்கள். கழற்றும் வரைக்கும் குளிக்கவே கூடாது என்றுவிட்டார்கள். பையனையும் குளிக்காமல் இருக்கச் சொல்லம்மா.

நித்யா (9:34)
அப்பா, உங்களுக்கு ஒட்டியது ஒரு நாளைக்கு. அவன் வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சித்தி, அத்தைக்கு நைட் டியூட்டி. எழுந்ததும் பார்ப்பார்கள். கழன்றதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மலர் (பிற்பகல் 1:05)
செல்வி, இப்போதுதான் பார்த்தேன். மூன்று கேள்வி. எந்தக் கிழமை, எந்த நேரம் ஒட்டினாய்? அதற்கு முன் என்ன சோப்பு? முந்தைய இரண்டும் எந்தக் கிழமை விழுந்தன? கழன்ற சென்சாரின் பின்பக்கத்தையும் அவன் கையையும் படம் எடுத்துப் போடு.

செல்வி (1:14)
செவ்வாய் காலை. குளித்து வந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உடனே ஒட்டினேன். சோப்பு, வறட்சிக்கு வாங்கும் அந்தக் கிரீம் சோப்பு. போன தடவையும் ஞாயிறுதான் விழுந்தது. அதற்கு முன்னால் சனிக்கிழமை ராத்திரி.

செல்வி (1:16)
[படம்: சென்சாரின் பின்பக்கம்]
[படம்: கவினின் கை]

மலர் (1:30)
சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டா?

கவின் (1:31)
உண்டு அத்தை. அப்பத்தா நல்லெண்ணெய் வைத்துத் தலையிலிருந்து கால் வரை தேய்த்துவிடுவார்கள். சென்சார் மேல் படாமல் சுற்றித்தான் தேய்ப்பார்கள்.

மலர் (1:44)
அதுதான் கண்ணா. நாங்கள் ஆஸ்பத்திரியில் ஒட்டைக் கழற்றுவதற்கே எண்ணெய்தான் தடவுவோம். சுற்றித் தேய்த்தாலும் ஓரத்தில் போய் நிற்கும், அங்கிருந்து உள்ளே இறங்கும்.

ஆனால் எண்ணெய் மட்டும் காரணம் இல்லை செல்வி. பின்பக்கப் படத்தைப் பார். ஓரத்தில் சுற்றிலும் கறுப்பாக அழுக்குக் கோடு ஓடுகிறது, நடுவில் வெள்ளையாகப் பளபளப்பாக இருக்கிறது. அழுக்கு ஏற வேண்டுமென்றால் ஓரம் எண்ணெய்க்கு முன்னாலேயே இரண்டு மூன்று நாளாகத் தூக்கிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அது ஒட்டிய அன்றைக்கு நடந்த கோளாறு. கிரீம் சோப்பு தோலில் ஒரு படலத்தை விட்டுப் போகும். குளித்த உடனே தோலுக்குள் ஈரம் இருக்கும், துண்டால் துடைத்தாலும் போகாது. இந்த இரண்டின் மேல் ஒட்டினால் பசை தோலைப் பிடிக்காது. எண்ணெய் வந்து மிச்சத்தை முடித்துவைத்தது.

முருகேசன் (1:50)
அப்போது பவுடர் போட்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சியிருக்குமே?

மலர் (1:58)
இல்லைங்க. பவுடர் போட்டால் பசை பவுடரைப் பிடிக்கும், தோலைப் பிடிக்காது. ஆனால் வேர்வையை முதலிலேயே அடக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான். அதிகம் வேர்ப்பவர்கள் அக்குளுக்குப் போடும் வேர்வை தடுக்கும் ரோல் ஆன் பூசி, கால் மணி நேரம் காயவிட்டு, துடைத்துவிட்டு ஒட்டுகிறார்கள். வாசனை இல்லாதது, வேர்வையைத் தடுப்பது என்று போட்டிருக்க வேண்டும்; வெறும் சென்ட் வேலைக்கு ஆகாது. ஊசி இறங்கும் நடு இடத்தில் மட்டும் படக் கூடாது. கவினுக்கு இப்போதைக்கு அது வேண்டாம், தோல் சிவந்திருக்கிறது.

செல்வி (2:03)
அதைத்தான் கேட்க நினைத்தேன் மதினி. அந்தச் சிவப்பு அலர்ஜியா? அரிக்கிறது என்கிறான். மெடிக்கலில் ஒரு கிரீம் கொடுத்தார்கள், தடவட்டுமா?

மலர் (2:15)
கிரீமைத் தடவாதே. பேர் என்ன என்று போடு, பார்க்கிறேன். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கிரீம் நிறையவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். விடாமல் போட்டால் தோல் மெலிந்துபோகும். அந்தப் பிசுக்கின் மேல் அடுத்த சென்சாரும் நிற்காது.

இப்போது கையின் படத்தைப் பெரிதாக்கிப் பார். சென்சார் வட்டம். சிவப்பு வட்டமாகவா இருக்கிறது?

செல்வி (2:18)
இல்லை. சதுரமாக இருக்கிறது.

நித்யா (2:19)
பிளாஸ்திரி!

மலர் (2:27)
ஆமாம். சிவப்பு பிளாஸ்திரியின் வடிவத்தில் இருக்கிறது. அதற்குள்ளேயும் தோல் வெளுத்துச் சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த விரல் மாதிரி இருக்கிறது பார். அகலப் பிளாஸ்திரி வேர்வையை உள்ளே அடைத்து ஊறவைத்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உள்ளே போனாலும் வெளியே வராது. இன்றைக்கு எதையும் ஒட்டாமல் காற்றாட விடு. ஊறினதும் உரிந்ததும் மட்டும்தான் என்றால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

நித்யா (2:40)
எனக்கு நடந்தது வேறு சித்தி, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று சென்சாருக்கு ஒன்றுமே இல்லை. நான்காவதில் அரிப்பு. ஐந்தாவதில் ஒட்டிய மறுநாளே ஆரம்பித்துவிட்டது. கழற்றினால் அச்சு எடுத்த மாதிரி வட்டம், அதில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். சிவப்பு ஒட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே பரவியிருந்தது. ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது. வேர்க்குரு என்று நினைத்து நானே நாள் கடத்தினேன்.

மலர் (2:52)
அது நிஜமான அலர்ஜி. ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக வரும், கடுமையாக வரும், ஒட்டைத் தாண்டிப் போகும். ஊறல் அப்படித் தாண்டாது. நித்யாவுக்கு முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்ததில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்று வந்தது. பசையில் இருக்கும் பொருள்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். 2017-இல் பெல்ஜியத்துத் தோல் மருத்துவர்கள், சென்சார் கூட்டிலிருந்தே அது கசிந்து தோலுக்கு வருவதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதனால்தான் அடியில் என்ன தாள் வைத்தாலும் சிலருக்குக் கேட்பதில்லை. அந்தப் பொருள் இல்லாத வேறு சென்சாருக்கு மாறித்தான் இவளுக்கு நின்றது.

ராஜு பெரியப்பா (2:58)
நித்யா, உன் இன்சுலின் பம்ப்பும் ஒட்டுதானே, அதற்கு ஏன் வரவில்லை?

நித்யா (3:09)
அந்த ஒட்டு வேறு அப்பா, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றிவிடுகிறேன். குளிக்கும்போது பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றில் குழாய் முனையை மட்டும் மூடியோடு விட்டுவிடுவேன். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றி வைப்பதில்லை, உடம்பில் வேறு இன்சுலின் கிடையாதே. வேர்வையில் எனக்கு வரும் தொல்லை வேறு. ஒட்டு நெகிழ்ந்து முனை பாதி வெளியே வந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. சுகர் ஏறும், கூடுதல் டோஸ் போட்டாலும் இறங்காது. கை வைத்தால் ஈரம், முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அது இன்சுலின் வாடை. அப்படி இருந்தால் யோசிக்காமல் ஊசியில் டோஸ் போட்டு, குழாய் செட்டையும் மாற்றிவிடுவேன்.

கவின் (3:15)
அத்தை, கிணற்றில் குதிக்கலாமா கூடாதா? அதைச் சொல்லுங்கள்.

மலர் (3:28)
உன் சென்சாரின் சீட்டில் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது. மேட்டிலிருந்து குதித்தால் ஒரு மீட்டரோடு நிற்கவா போகிறாய்? பம்ப்செட் தொட்டியில் எவ்வளவு ஆட்டம் வேண்டுமானாலும் போடு, அரை மணியில் ஏறிவிடு. தண்ணீருக்குள் இருக்கும்போது சென்சாரிலிருந்து போனுக்குச் செய்தி வராது, லோ சுகர் அலாரமும் அடிக்காது. அதனால் இறங்குவதற்கு முன் விரலில் குத்திப் பார், திட்டில் குளுக்கோஸ் டப்பா இருக்க வேண்டும், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கவின் (3:30)
சரி. அப்பத்தா கேட்கிறார்கள், அப்போது எண்ணெய்க் குளியலே கூடாதா என்று. இந்த வெயிலுக்கு உடம்பு சூடாகிவிடுமாம்.

மலர் (3:46)
வேண்டாம் என்று சொல்லவில்லை என்று சொல். 14 நாள் என்றால் இரண்டு சனிக்கிழமை. சென்சார் முடியும் சனிக்கிழமை காலையில் அப்பத்தா அதன் மேலேயே எண்ணெய் விடட்டும், ஓரத்தைச் சுற்றி நன்றாக ஊறட்டும். பத்து நிமிடம் கழித்து ஒரு ஓரத்தை மடித்து, மேலே இழுக்காமல் தோலோடு தோலாகச் சாய்த்து, தோலை மறு கையால் அழுத்திக்கொண்டே மெதுவாக உரி. புண்ணே வராது. நடுவில் வரும் சனிக்கிழமை தலைக்கும் காலுக்கும் மட்டும்.

புதியதை அன்று இரவு மறு கையில் ஒட்டு. அந்தக் கைக்கு எண்ணெய் படாமல் பார்த்துக்கொள். சாதாரண சோப்பால் கழுவி, ஃபேன் கீழே கால் மணி நேரம் உட்காரவை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அதுவாகக் காயட்டும், ஊதாதே. ஒட்டியதும் ஓரத்தை விரலால் அரை நிமிடம் சுற்றிச் சுற்றித் தேய், விரல் சூட்டில் பசை இறங்கும். இரவு முழுக்கத் தண்ணீர் படாமல் கிடந்தால் காலையில் நன்றாகப் பிடித்திருக்கும். இடையில் எண் வராத நேரத்துக்கு விரல் குத்து.

செல்வி (3:50)
மேலே பிளாஸ்திரி?

மலர் (3:57)
நடுவில் ஓட்டை உள்ள, முனை உருண்டையான மெல்லிய ஒட்டு தனியாக விற்கிறது. சென்சார் முகத்தில் இருக்கும் சிறு துளையை மூடாமல், முதல் நாளே காய்ந்த தோலில் ஒட்டு. பின்னால் ஓரம் தூக்கினால் தூக்கிய பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டிவிடு. ஈரத்தின் மேல் இன்னொன்றை ஒட்டாதே.

அடுத்த வாரம் வெள்ளி

செல்வி (மாலை 6:20)
[படம்: மேல்கை, சென்சார்]
மதினி, சதுரச் சிவப்பு முழுக்கப் போய்விட்டது. மறு கையில் சொன்ன மாதிரி ஒட்டி ஒன்பது நாள். தினமும் தொட்டிக் குளியல். ஓரம் எங்கேயும் தூக்கவில்லை. ஆனால் சென்சாரை ஒட்டி வெளியே இரண்டு சிறு பொரி தெரிகிறது. அரிப்பு இல்லை.

முருகேசன் (6:25)
வேர்க்குருதான். இங்கே எனக்கும் கழுத்தெல்லாம்.

மலர் (6:41)
வேர்க்குருவாக இருக்கலாம். இதுவரை வட்ட அச்சு அவனுக்கு வந்ததில்லை. ஆனாலும் இப்போதே முடிவு சொல்ல மாட்டேன். பேனாவால் பொரியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, தேதி எழுதிப் படம் எடு. கழற்றியதும் அடியில் எப்படி இருக்கிறது என்று இன்னொரு படம். அடுத்ததில் இதைவிடச் சீக்கிரம் வந்தால், கோட்டைத் தாண்டினால், கொப்புளமானால், நித்யா போன தோல் டாக்டரிடம் கூட்டிப்போவோம். படங்களைக் கையோடு எடுத்துக்கொள்.

கவின் (6:44)
நாளைக்கு நடுச் சனிக்கிழமை. தலைக்கும் காலுக்கும் மட்டும் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன். தோள் துண்டை மடித்துக் கையில் கட்டிவிடுவார்களாம்.