ஒரே சொல், நேரெதிரான இரண்டு பொருள்: உங்களைத் திண்டாட வைத்த சொல் எது?

திருச்சிக்காரன்:
தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தோம். ரசீதின் பின்புறம் ஒரு வரி: "சமையல்கூடம் தவிர ஐந்து அறைகள் தரப்படும்." சமையல்கூடம் உண்டு, அதற்கு மேல் ஐந்து அறைகள் என்று எங்கள் வீட்டில் அத்தனை பேரும் படித்தோம். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை சமையல்காரர் அண்டா குண்டாவோடு வந்து இறங்கினால் சமையல்கூடத்தில் பூட்டுத் தொங்குகிறது. காவலாளி அந்த வரியின் மேல் விரலை வைத்து, "தவிர என்றுதானே போட்டிருக்கிறது, ஐயா" என்கிறார். தனி வாடகை கொடுத்துத் திறக்க வைத்தோம். பணம் போகட்டும். அந்த வரியை இன்று எடுத்துப் படித்தாலும் அவர் சொன்னதும் சரியாகப் படுகிறது, நாங்கள் படித்ததும் சரியாகப் படுகிறது. இது என்ன சொல்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தம்பி, 'தவிர்' என்றால் விலகு, ஒதுங்கு. 'தவிர' என்பது ஒன்றை ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஒதுக்கியது கணக்கில் உண்டா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. வாக்கியத்தின் மிச்சம்தான் சொல்கிறது. "முருகனைத் தவிர எல்லோரும் வந்தார்கள்" என்றால் முருகன் வரவில்லை. "முருகனைத் தவிர இன்னும் நான்கு பேர் வந்தார்கள்" என்றால் முருகனும் வந்திருக்கிறான். முதலாவதில் 'எல்லோரும்' முடிவு செய்கிறது, இரண்டாவதில் 'இன்னும்'. 'இன்னும்' இருக்கும் இடத்தில் 'மேலும்', 'வேறு' என்று வந்தாலும் இரண்டாவது பொருள்தான். "முருகனைத் தவிர யாரும் வரவில்லை" என்று எதிர்மறையில் சொன்னால் முருகன் ஒருவன்தான் வந்தான். உங்கள் ரசீதில் 'எல்லா' இல்லை, 'மேலும்' இல்லை, 'இல்லை'யும் இல்லை. வெறும் ஐந்து என்ற எண் மட்டும் நிற்கிறது. அதனால் அது எந்தப் பக்கமும் சாயவில்லை.

'போக'வும் இதே குணம்தான். "செலவு போக மிச்சம் ஐந்நூறு" கழித்தல். "அது போக ஐந்நூறு கொடுத்தார்" கூட்டல்.

வைகைக்கரை:
இதற்கு இவ்வளவு இலக்கணமா? நாற்றம்தான் சரியான உதாரணம். "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை. இன்று யாரையாவது பார்த்து நாறுகிறாய் என்று சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
சொல்லிப் பார்க்க முடியாது என்பதுதான் என் பதிலும். இன்றைய பேச்சில் அதற்கு ஒரு பொருள்தான் உயிரோடு இருக்கிறது. 'தவிர' அப்படியில்லை, இரண்டு பொருளும் இன்றைக்கும் புழங்குகின்றன. அதோடு, நாற்றம் ஒரு காலத்தில் பொதுவாக வாசம் என்றே இருந்தது. இல்லாவிட்டால் 'துர்' சேர்த்துத் துர்நாற்றம் என்று சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது?

வைகைக்கரை:
திருக்குறளில் "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்று வருவதும் பொதுவான வாசமா? மொட்டுக்குள் இருப்பது நறுமணம்தானே? நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய லக்னோவாசி:
லக்னோவில் வேலை பார்த்தபோது நடந்தது. இரவில் ஒரு துணிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். முதலாளி பையனிடம் "துகான் படாவ்" என்றார். படானா என்றால் பெருக்குவது, பெரிதாக்குவது. நமக்காக இன்னும் சரக்கை எடுத்து விரிக்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தால், பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். கடையை மூடு என்று வாய்விட்டுச் சொல்வது அபசகுனமாம். அதனால் பெருக்கு என்கிறார்கள். விளக்கை அணைப்பதற்கும் அதே சொல்தான்.

ஆடிப்பெருக்கு:
எங்கள் பாட்டி தாலிக்கயிறு அறுந்தது என்று சொல்லவே மாட்டார், 'பெருகிவிட்டது' என்பார். வீட்டைப் பெருக்குவதும் அப்படி வந்ததுதான். இருப்பதை வெளியே தள்ளுகிறோம் என்று சொல்லக்கூடாது என்பதற்காகச் செல்வத்துக்குரிய சொல்லைக் குப்பைக்கும் வைத்துவிட்டார்கள். நன்னூல் இதை மங்கலம் என்கிறது, சுடுகாட்டை நன்காடு என்பது போல.

திண்ணை:
தாலிக்குச் சரி, துடைப்பத்துக்கு இது பொருந்தாது. வீட்டைக் 'கூட்டு' என்றும்தானே சொல்கிறோம்? அதில் மங்கலம் எங்கே இருக்கிறது? மூலை மூலையாகக் கிடக்கும் குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பதால் குப்பையைக் கூட்டுகிறோம். பிறகு குப்பை போன இடத்தில் வீடு வந்து உட்கார்ந்து "வீட்டைக் கூட்டு" ஆகிவிட்டது. குப்பையின் பக்கம் நின்று பார்த்தால் சேர்த்தல், வீட்டின் பக்கம் நின்று பார்த்தால் நீக்கல். பெருக்குவதும் இதே வழியில் வந்திருக்கலாமே.

கல்யாண வீடு:
எனக்கும் மண்டபத்தில் ஒரு முறை தகராறு, ஜெனரேட்டர் டீசலுக்காக. அதை விடுங்கள். இனி பிடிப்பவர்கள் கேளுங்கள். ரசீதில் தவிர, போக இரண்டையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேண்டாததற்கு 'நீங்கலாக', வேண்டியதற்கு 'உட்பட' என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். எரிவாயு, பாத்திரம், மின்கட்டணம், துப்புரவு ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். மின்மீட்டர் அளவை உள்ளே நுழையும்போதே குறித்து வையுங்கள். சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குத் தருவார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முன்பணம் திரும்ப வரும் தேதியை மறக்காதீர்கள்.

திருச்சிக்காரன்:
அக்கா, கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. டீச்சர், 'ஒழிய' என்றொரு சொல் இருக்கிறதே, அதுவும் இரண்டு பக்கமும் பேசுமா? "அவன் ஒழிய இன்னும் நான்கு பேர்" என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை.