வேகன் வீல்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். 2004 ஜனவரி சிட்னி டெஸ்டில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 241 எடுத்தாரே, அந்த இன்னிங்ஸின் வேகன் வீல் படத்துக்கு, அதாவது ரன்கள் எந்தத் திசையில் போயின என்று கோடுகளால் காட்டும் படத்துக்கு, விளக்கம் எழுதுகிறேன். டிவி திரையைப் போனில் பிடித்த படம். லெக் சைடில் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன, கவர் பக்கம் ஏறக்குறைய காலி. ‘வண்டிச்சக்கரம்’ என்று போடலாமா?
– ர.

ர., வண்டிச்சக்கரம் வேண்டாம். சக்கரத்தில் ஆரக்கால்கள் சம இடைவெளியில் நிற்கும், இங்கே நாம் பார்ப்பதே இடைவெளி எங்கே அதிகம் என்றுதான். கோடுகளும் மைதானத்தின் நடுவிலிருந்து கிளம்புவதில்லை, பேட்ஸ்மேன் நிற்கும் முனையிலிருந்து கிளம்புகின்றன. ‘ஓட்டத்திசைப்படம்’ என்பது என் யோசனை.

போன் படம் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு ரன் கோடும் இரண்டு ரன் கோடும் வெளிறி ஒரே நிறமாகிவிடும். டீப்பில் நிற்பவரிடம் போன சிங்கிளும் நீளக் கோடாகத்தான் இருக்கும், அதனால் நீளத்தை வைத்து நான்கு என்று எண்ணாமல், அந்த இன்னிங்ஸின் 33 பவுண்டரிகளோடு ஒத்துப்பாருங்கள்.
– மா.

காலி இடத்துக்கும் ஒரு சொல் வேண்டாமா? ‘பலவீனப் பகுதி’ என்றே சொல்லலாம். ரன் வராத இடம்தானே பேட்ஸ்மேனின் ஓட்டை?
– செ.

செ. ஐயா, இந்த இன்னிங்ஸுக்கே அது பொருந்தாது. அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஆடி அவுட்டானதால், கவர் டிரைவை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்துத்தான் சிட்னியில் ஆடினார். அவர் சந்தித்தது 436 பந்துகள். ரன் வராத பந்துக்கு இந்தப் படத்தில் கோடே கிடையாது. விட்டுவிட்ட பந்து, ஃபீல்டர் தடுத்த டிரைவ், அந்தப் பக்கம் ஆடும்படி போடப்படாத பந்து எல்லாமே ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். எது எது என்று அறியப் பந்து விழுந்த இடங்களின் படமும் ஃபீல்டிங் அமைப்பும் வேண்டும். ‘வெற்றுத்திசை’ என்றால் காரணம் சொல்லாமல் நின்றுவிடும்.
– மா.

எங்கள் கிளப்பில் ஓர் இடதுகைப் பையன். ஸ்கோரிங் ஆப் படத்தில் வலப்பக்கம்தான் ரன் எல்லாம். ஆஃப் சைடில் வெளுத்துக் கட்டுகிறான் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வே.

வே., கோடுகள் கூடும் முனையில் நின்று பவுலரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலதுகைக்காரருக்கு வலப்பக்கம் ஆஃப், உங்கள் பையனுக்கு அது லெக். ஆனால் சில ஆப் இடதுகைக்காரர் படத்தைத் திருப்பிப் போட்டுவிடும், பாயிண்ட் பக்கம் அவன் அடித்த ஒரு ஷாட் நினைவிருந்தால் அதன் கோட்டைத் தேடுங்கள்.
– மா.

ஓட்டம் என்பது இலங்கைப் பத்திரிகைகளில் சாதாரணம். இங்கே ‘ரன்’ என்றே பழகிவிட்டது, ஓட்டத்திசை என்றால் ஓடும் திசை என்று படிப்பார்கள். என் ஓட்டு ‘ரன் திசைப்படம்’.
– செ.

சரி, தலைப்பு முடிவாகட்டும். படத்தின் கீழே இப்படி வைக்கிறேன்: “பெரும்பாலான ரன்கள் லெக் சைடில். கவர் திசையில் மிகக் குறைவு. ரன் இல்லாத பந்துகள் இப்படத்தில் இல்லை.”
– ர.