சிறுமப் பல்லுறுப்புக்கோவையில் மூன்று மூலங்கள் இருந்தால் எப்படி விளக்குவது?

குழுவினருக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் பி.எஸ்சி. கணித மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒரு நிரூபணத்தை எளிமையாகச் சொல்ல உங்கள் உதவி வேண்டும்.

கீழ்க்காணும் இரு அணிகளுக்கும் சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை ஒன்றே: (x−2)²(x−3).

```
A = 2 0 0    B = 2 1 0
    0 2 0        0 2 0
    0 0 3        0 0 3
```

ஆனால் (A−2I)(A−3I) பூச்சிய அணியாகிறது. (B−2I)(B−3I) என்று பெருக்கினாலோ முதல் நிரை, இரண்டாம் நிரலில் −1 எஞ்சுகிறது. எனவே A-யின் சிறுமப் பல்லுறுப்புக்கோவை (x−2)(x−3). B-க்கு அது (x−2)²(x−3) ஆகவே நிற்கிறது. மூலம் 2 இருமுறை வருவதால் B-யை மூலைவிட்டமாக்க முடியாது. இதுவரை மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மூலங்கள் வெவ்வேறாக இருந்தால் ஏன் போதுமான ஐகன் வெக்டர்கள் கிடைக்கின்றன என்பதை I = (A−2I) − (A−3I) என்ற சமன்பாட்டைக் கொண்டு காட்டுகிறேன். எந்த வெக்டர் v-யை எடுத்தாலும் v = (A−2I)v − (A−3I)v; இதில் முதல் பகுதியை (A−3I) பூச்சியமாக்குவதால் அது 3-இன் ஐகன் வெளியிலும், அதேபோல் இரண்டாம் பகுதி 2-இன் ஐகன் வெளியிலும் அமைகின்றன. இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் பிரிப்பு கண்ணெதிரே நிகழ்கிறது.

சிறுமப் பல்லுறுப்புக்கோவை (x−1)(x−2)(x−3) என்றால், 1/m(x)-ஐப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்து ½, −1, ½ என்ற கெழுக்களைப் பெறுகிறேன். அங்கேதான் மாணவர்கள் பின்தங்குகிறார்கள். பகுதிப் பின்னமின்றி, மூலங்களின் எண்ணிக்கைமீது தொகுத்தறிதல் முறையில் இதே பிரிப்பை வகுப்பில் காட்டியவர்கள் இருந்தால், படிகளை எழுதி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.