உதவி: வேலையை விட்டுப் போனவர் என் சோப்பு ஃபார்முலாவை அப்படியே போட்டு விற்கிறார்

நுரைப்பூ | காலை 9.12
அவசரமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். என்னிடம் வேலை பார்த்தவர் நின்று மூன்று மாதம் ஆகிறது. இப்போது சொந்தமாக சோப்பு போட்டு விற்கிறார். வாங்கிப் பார்த்தேன். அதே மணம், அதே நிறம், கையில் வைத்தால் அதே வழவழப்பு. இது என் ஃபார்முலாதான், சந்தேகமே இல்லை. எப்படி நிறுத்துவது? யாரிடம் போவது?

வேலன்77 | காலை 9.20
உடனே பேடன்ட் எடுத்துவிடுங்கள். பேடன்ட் இருந்தால் 20 வருடம் யாரும் தொட முடியாது. கைக்குத் தெரிந்த ஃபார்முலாவைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் தவறு.

அனுபவசாலி | காலை 9.31
இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. என்ன ஒப்பந்தம் போட்டீர்கள், எந்த நாடு, ஃபார்முலா எங்கே எழுதி வைத்திருந்தது, இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. "சந்தேகமே இல்லை" என்று சொன்னால் நீதிமன்றம் கேட்டுக்கொள்ளாது அம்மா. முதலில் பிரச்சினையை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.

தச்சன் | காலை 9.44
எனக்கும் இதே அனுபவம். ஒரு நாற்காலி வடிவமைத்தேன், சாய்மானம் ஒரே வளைவாக இறங்கிக் கால் ஆகிவிடும். கண்காட்சியில் வைத்தேன், படம் போட்டேன். எட்டு மாதத்தில் இன்னொரு பட்டறையில் அதே நாற்காலி. அதற்கப்புறம்தான் டிசைன் பதிவுக்குப் போனேன். "நீங்களே முன்பே வெளியிட்டுவிட்டீர்கள், இது புதியது அல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். உங்கள் சோப்பின் அச்சு வடிவத்தை உடனே பதிவு செய்யுங்கள்.

நுரைப்பூ | காலை 10.05
வடிவம் இல்லை ஐயா, சாதாரணச் செவ்வகம்தான். நான் கேட்பது உள்ளே இருக்கும் கலவையைப் பற்றி. ஒப்பந்தம் என்று தனியாக எதுவும் போடவில்லை, நம்பிக்கையில்தான் வைத்திருந்தேன். ஃபார்முலா தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். லேமினேட் செய்து வைத்திருந்தேன், எண்ணெய் தெறித்தால் துடைக்க வசதி.

நிதானன் | காலை 10.52
சின்ன உற்பத்தியாளர்களுக்கு ஃபார்முலேஷன் செய்து கொடுக்கும் வேலையில் நெடுநாள் இருந்தேன். இப்படிப்பட்ட தகராறுகள் சிலவற்றில் விவரம் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பேடன்ட்டை மறந்துவிடுங்கள். மனு போட்டுச் சுமார் 18 மாதத்தில் அந்த ஃபார்முலா ஊரறிய வெளியிடப்படும். அதுதான் பேடன்ட்டுக்குக் கொடுக்கும் விலை. தவிர, அது புதிய கண்டுபிடிப்புக்குத்தான். நீங்கள் எத்தனை காலமாக விற்கிறீர்கள்? வருடக்கணக்கில் என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது.

உங்களுக்கு இருப்பது தொழில் ரகசியம் என்ற வழி. அறிவுசார் சொத்துரிமை பற்றி நாடுகள் செய்துகொண்டு 1995-ல் நடைமுறைக்கு வந்த ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 39-ஆம் பிரிவு இதற்கு மூன்று கேள்வி வைக்கிறது. பல நாட்டுச் சட்டங்களும் அதையொட்டித்தான் போகின்றன. அந்தத் தகவல் துறையில் பொதுவாகத் தெரியாததா? ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு மதிப்பு உண்டா? காப்பாற்ற நீங்கள் நியாயமான முயற்சி எடுத்தீர்களா? சுவரில் ஒட்டியது மூன்றாவது கேள்வியில் உங்களைக் கீழே இழுக்கும். அந்த அறைக்குள் யார் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு என்று தெரியும்.

அதைவிட முக்கியம், ஃபார்முலாவில் எது ரகசியம் என்று பிரித்துப் பாருங்கள். எண்ணெய்களின் பெயர் லேபிளிலேயே இருக்கிறது. காஸ்டிக் சோடா அளவை எண்ணெய் எடையிலிருந்து எவரும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம், அதற்கு இணையத்தில் கால்குலேட்டரே இருக்கிறது. எண்ணெய் விகிதத்தை ஆய்வகத்தில் கொழுப்பமிலங்களைப் பிரித்து ஓரளவு ஊகிக்கலாம். கடையில் வாங்கிய பொருளை ஆராய்ந்து அப்படிக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அது திருட்டு ஆகாது. ஆக, வெளியிலிருந்து பார்த்துத் தெரியாதது உங்களிடம் என்ன இருக்கிறது?

நுரைப்பூ | காலை 11.20
இரண்டரை வருடமாக விற்கிறேன். வெளியே தெரியாதது என்றால் கிராம்பு எண்ணெய் விஷயம். மணக் கலவையில் கிராம்பு எண்ணெய் போட்டால் கூழ் அப்படியே இறுகிவிடும், அச்சில் ஊற்றவே முடியாது, கரண்டியால் அள்ளி அமுக்க வேண்டும். கிட்டத்தட்ட நாற்பது பேட்ச் வீணாக்கி ஒரு முறை கண்டுபிடித்தேன். எந்தச் சூட்டில், எதில் கரைத்து, எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று. அவருடைய சோப்பு என்னுடையது போலவே வழவழவென்று ஊற்றியதாக இருக்கிறது. கிராம்பு வாசனையும் இருக்கிறது.

நிதானன் | காலை 11.41
இதைத்தான் கேட்டேன். கிராம்பில் உள்ள யூஜினால் கூழை இறுக்கும் என்பது சோப்பு போடும் எவருக்கும் தெரியும். அது ரகசியம் இல்லை. கிராம்பு எண்ணெயைக் கடைசியில், சூடு குறைந்தபின் சேர்ப்பது என்பதும் பலர் செய்வதுதான். ஆனால் உங்கள் அளவு, உங்கள் சூடு, உங்கள் வரிசை, நாற்பது பேட்ச் கொடுத்து வாங்கிய அந்தக் கூட்டு ரகசியமாக நிற்க வாய்ப்பு உண்டு. வீணான பேட்ச்களைக் குறித்து வைத்தீர்களா? தேதியோடு இருந்தால் அந்தக் குறிப்பேடுதான் உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய சாட்சி. வெற்றி பெற்ற ஃபார்முலாவை யாரும் நகலெடுக்கலாம், தோல்விகளின் வரிசையை நகலெடுக்க மாட்டார்கள். அவரிடம் அப்படி ஒன்று இருக்காது.

கைத்தொழிலாளி | பகல் 12.08
நான் மறுபக்கம் நின்று கேட்கிறேன். அந்தக் கூழை இரண்டு வருடம் கிளறியது அவர் கை. எப்போது இறுகும், எப்போது இளகும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். வேலையை விட்டால் அதை மறந்துவிட வேண்டுமா? வேறு எந்த வேலைக்குப் போவார்?

அனுபவசாலி | பகல் 12.15
உணர்ச்சிவசப்பட இது இடமில்லை. "மூன்று வருடம் இதே தொழில் செய்யக்கூடாது" என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தால் கதை முடிந்தது. அடிப்படை விஷயம்.

நிதானன் | பகல் 12.33
அது எல்லா இடத்திலும் செல்லாது ஐயா. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. வேலை முடிந்தபின் போட்டித் தொழில் கூடாது என்ற ஷரத்து அங்கே பொதுவாக நிற்பதில்லை. கலிபோர்னியாவிலும் அதே கதை. ஆனால் ரகசியத்தைக் காப்பது என்ற உறுதிமொழி வேறு, அதை எழுதி வாங்கலாம்.

கைத்தொழிலாளி கேட்டது சரியான கேள்வி. இங்கிலாந்தில் ஃபாக்கெண்டா சிக்கன் வழக்கில் 1980-களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் அலசியது. வேன்களில் கோழி விற்ற நிறுவனம். அதன் விற்பனை மேலாளர் வெளியே போய்ப் போட்டித் தொழில் தொடங்கினார், உடன் வேலை பார்த்தவர்கள் சிலரும் சேர்ந்தார்கள். வாடிக்கையாளர் யார், எந்த வழி, என்ன விலை என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருந்தது. வேலையில் இருக்கும்போது அதைக் காப்பது கடமை. ஆனால் வேலை முடிந்தபின் தொழில் ரகசியம் என்ற தரத்தில் உள்ளதை மட்டுமே தடுக்க முடியும் என்று சொல்லி, நிறுவனத்தைத் தோற்கடித்தார்கள். கைப்பழக்கம் அவருடையது. எழுதிவைத்த அளவும் சூடும் உங்களுடையது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் வழக்கறிஞர்களே சண்டை போடுவார்கள்.

கைத்தொழிலாளி | பகல் 12.40
அளவு கூடக் கையில் வந்துவிடும் ஐயா. ஆயிரம் தடவை நிறுத்தவனுக்குத் தாள் எதற்கு? அதைத் திருட்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலன்77 | பகல் 12.52
அப்படியானால் எந்த முதலாளியும் எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டார். பேடன்ட் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் உடம்பில் ஊறிய அளவு முதலாளி காசில் ஊறியது.

தச்சன் | பிற்பகல் 1.10
சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். லேபிளை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? என் நாற்காலி விஷயத்தில் டிசைன் கைவிட்டுப் போனாலும், அந்தப் பட்டறை என் புகைப்படத்தையே எடுத்து அவர்கள் பக்கத்தில் போட்டிருந்தது. அதை மட்டும் பதிப்புரிமையை வைத்து இறக்க வைத்தேன். சின்ன வெற்றிதான், ஆனால் உடனே நடந்தது.

நிதானன் | பிற்பகல் 1.26
தச்சன் சொன்னதை இன்றே செய்யுங்கள். பொருட்பட்டியல் பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்கு இறங்கு வரிசையில் இருக்கும். உங்கள் லேபிளில் ஏதாவது பிழை இருந்து அதே பிழை அவருடையதிலும் இருந்தால், அவர் பார்த்து எழுதினார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது கடினம்.

அவர் சோப்பை ரசீதோடு இன்னும் நான்கைந்து வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். வேலையில் அவருக்குப் போன், கணினி கொடுத்திருந்தால் யாரும் தொடாமல் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர்களிடம் "திருடிவிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். வழக்கறிஞரிடம் இந்த வாரமே போங்கள். தடை உத்தரவு கேட்பவர் மாதக்கணக்கில் சும்மா இருந்தால், அவ்வளவு அவசரம் இல்லை போலிருக்கிறது என்று நீதிபதி நினைப்பார்.

அப்புறம், சுவரில் இருப்பதை இன்றே கழற்றுங்கள். இனி மணக் கலவையை நீங்களே வீட்டில் கலந்து, எண் மட்டும் போட்ட குப்பியில் கொடுங்கள். எண்ணெய் எடையில் 3 சதவீதம் என்றால் 10 கிலோ எண்ணெய்க்கு 300 கிராம்தான், ஒரு குப்பி போதும். எண்ணெயை நிறுப்பவருக்குக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை.

அனுபவசாலி | பிற்பகல் 1.50
நான் காலையிலேயே ஒப்பந்தம், ஃபார்முலா இருந்த இடம் இரண்டையும் கேட்டேன். அதைத்தான் எல்லோரும் இப்போது நீட்டிப் பேசுகிறார்கள்.

நுரைப்பூ | ஆறு நாள் கழித்து, இரவு 10.37
எல்லோருக்கும் நன்றி. சுருக்கமாகச் சொல்கிறேன். என் லேபிளில் தேங்காய் எண்ணெய் முதலில் இருக்கிறது, உண்மையில் ஆலிவ் எண்ணெய்தான் அதிகம். பழைய கலவைக்கு அச்சடித்தது, மாற்றவே இல்லை. அவர் லேபிளிலும் தேங்காய் எண்ணெய்தான் முதலில், அதற்குக் கீழே நான் எழுதிய இரண்டு வரி எழுத்து மாறாமல் இருக்கிறது. அந்த வரிகளுக்காக வக்கீல் நோட்டீஸ் போனது, லேபிளை மாற்றிவிட்டார். சோப்பு இன்னும் விற்கிறது.

போன் கொடுத்திருந்தேன். நின்றபோது திருப்பித் தந்தார். அதை அழித்துப் புது ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் போன் குழுவில் சுவர்த் தாளைப் படம் எடுத்து அனுப்பியது நான்தான் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது, புதிதாகச் சேர்ந்தவருக்காக அனுப்பியது. வழக்கறிஞர் அதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. குறிப்பேடு இருக்கிறது.

நிதானன் | இரவு 10.58
அந்தக் குழுவில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள்? எல்லோரும் உங்களிடம் வேலை பார்த்தவர்களா, வெளியாள் யாராவது உண்டா? குறிப்பேட்டில் எல்லாப் பக்கத்திலும் தேதி இருக்கிறதா?

தச்சன் | மறுநாள் காலை 7.15
எனக்கும் தெரிய வேண்டும். முடிந்தபோது சொல்லுங்கள் அம்மா.