தலைப்பைத் திருத்தியும் நல்லெண்ணெய்ப் பக்கம் திறக்கவில்லை

ஈரோட்டில் மரச்செக்கு நல்லெண்ணெய் ஆட்டி, ஓர் இணையச் சந்தையில் விற்கிறேன். ஒரு லிட்டர் பாட்டிலின் பக்கம் பத்து நாளாக முடங்கிக் கிடக்கிறது. காரணம்: "ஆதாரமற்ற கூற்று".

பழைய தலைப்பு "தமிழகத்தின் நம்பர் 1 நல்லெண்ணெய்". ஆதாரம் ஏது, ஆசைதான். "மரச்செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி சேர்த்தது, 1 லிட்டர்" என்று மாற்றினேன். விவரிப்பில் போட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, "அவர்களுடையதுபோல் ரசாயனம் கலக்காதது" என்று எழுதியிருந்தேன். அவர்கள் எண்ணெயை நான் சோதித்ததே இல்லை. அதையும் நீக்கினேன். தேடுசொற்களிலிருந்தும் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். இரண்டு முறை மீண்டும் அனுப்பியும் அதே பதில்தான்.

மிச்சமிருப்பது படம். அதில் தெரியும் லேபிளில் "சுத்தமானது, நம்பர் 1" என்று அச்சாகியிருக்கிறது. இதே நிலையில் சிக்கி மீண்டவர்கள் சொல்லுங்கள்: லேபிளையே மாற்றி அச்சடித்துப் புதுப் படம் ஏற்றினால்தான் பக்கம் திறக்குமா?