பாங்காக்கில் இருக்கிறேன்: மிஸ்டு கால் வருகிறது, பேங்க் ஓடிபி வரவில்லை

தாம்பரம்_வாசு
வணக்கம். நேற்று நள்ளிரவு ஃப்ளைட்டில் சென்னையிலிருந்து பாங்காக் வந்தேன். அம்மாவின் மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியத்தை இன்று இரவு 12 மணிக்குள் கட்டியாக வேண்டும். இன்சூரன்ஸ் ஆப்பில் டெபிட் கார்டு விவரம் கொடுத்தால் பேங்க்கின் ஓடிபி பக்கம் வருகிறது. என் நம்பரின் கடைசி இலக்கங்களும் சரியாகவே காட்டுகிறது. ஆனால் மெசேஜ் வரவில்லை. ரீசென்ட் அழுத்தினாலும் இல்லை.

யுபிஐயில் கட்டலாம் என்று போனால், அந்த ஆப் நம்பரை மறுபடி சரிபார்க்கச் சொல்கிறது, அதுவும் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாமல் நின்றுவிடுகிறது. இந்திய நம்பர் ப்ரீபெய்டு, ரோமிங் பேக் போட்டிருக்கிறேன். சிக்னல் முழுதாக இருக்கிறது, தங்கை கொடுத்த மிஸ்டு காலும் வந்தது. இன்டர்நெட்டுக்கு இங்கே வாங்கிய தாய்லாந்து சிம். இப்போது இங்கே காலை 10 மணி.

சேலம்_ரவி
டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள் சார். எனக்கு சிங்கப்பூரில் அதை ஆன் செய்த பிறகுதான் ஓடிபி வந்தது. இந்திய சிம்மில் நெட் இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் எப்படி வரும்?

கடற்கரை_டவர்
ரவி, எஸ்எம்எஸ் வர டேட்டா பேக் தேவையில்லை. அது நெட்வொர்க்கின் சிக்னலிங் வழியாக வருவது. 4ஜி மட்டுமே உள்ள சில ஊர்களில், சில போன்களில், டேட்டா ரோமிங்கை ஆன் செய்ததும் சிம் சரியாகப் பதிவாகி மெசேஜ் வந்துவிடும். உங்களுக்கு அப்படி நடந்திருக்கலாம். அதனால் முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பேக்கில் டேட்டா இல்லாதவர்கள் அதை ஆன் செய்துவிட்டு மறந்தால் பணம் போய்விடும்.

வாசு, எனக்கு உறுத்துவது வேறு. உங்களுக்கு மெசேஜ் வரவும் இல்லை, போகவும் இல்லை. ஆனால் கால் மட்டும் வருகிறது. ரோமிங்கே கிடைக்காவிட்டால் மிஸ்டு காலும் வந்திருக்காது. ஊருக்குக் கிளம்புமுன் சிம்மை மாற்றினீர்களா? டூப்ளிகேட் சிம், இ-சிம் ஏதாவது?

தாம்பரம்_வாசு
ஆமாம் அண்ணா. தாய்லாந்து சிம்முக்கு இடம் வேண்டும் என்று நேற்று இந்திய நம்பரை இ-சிம்மாக மாற்றினேன். மாலை 6 மணிக்கு ஆக்டிவேட் ஆனது. அப்போதே காலும் நெட்டும் வேலை செய்தன.

கடற்கரை_டவர்
அப்படியென்றால் காரணம் அதுதான். சிம் மாற்றினால் புது சிம் ஆக்டிவேட் ஆனதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தப்படும். தொலைத்தொடர்புத் துறை 2022இல் போட்ட உத்தரவு இது. அடுத்தவர் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, ஓடிபியைப் பிடித்து, கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் இருப்பதால் வந்த தடை. இ-சிம்முக்கு மாறுவதும் சிம் மாற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். காலும் நெட்டும் உடனே ஓடுவதால் பலருக்கு இந்தத் தடை கண்ணில் படுவதே இல்லை.

யுபிஐ நின்றதும் இதனால்தான். சிம் மாறியதைப் பார்த்ததும் அந்த ஆப் உங்கள் நம்பரிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். அந்த மெசேஜ் இப்போது வெளியே போகாது. தடை நீங்கிய பிறகும் ரோமிங்கில் வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டு. அதனால் பேக்கில் எஸ்எம்எஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

நேற்று மாலை 6 மணி என்றால் தடை இன்று மாலை 6க்கு முடியும். அது இந்திய நேரம், பாங்காக்கில் இரவு 7.30. அதற்கு முன் ரீசென்ட் அழுத்த வேண்டாம். சில பேங்க்குகளில் பல தடவை ஓடிபி கேட்டாலே அந்தக் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்திவிடுவார்கள். தடை நேரத்தில் அனுப்பிய ஓடிபிகளையும் எதிர்பார்க்காதீர்கள், வந்தாலும் காலாவதி ஆகியிருக்கும்.

7.45 வாக்கில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். பிறகு தங்கையை ஒரு சாதாரண மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், எஸ்எம்எஸ். அது வந்து சேர்ந்த பிறகுதான் கார்டில் முயல வேண்டும். வராவிட்டால் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு நீங்களே தேர்ந்தெடுங்கள். ட்ரூமூவில் இருந்தால் ஏஐஎஸ், ஏஐஎஸ்ஸில் இருந்தால் மற்றொன்று. சில கூட்டாளி நெட்வொர்க்குகளில் கால் வரும், எஸ்எம்எஸ் தடுமாறும்.

துபாய்_செந்தில்
எனக்கும் இதே பிரச்சினைதான். இங்கே டாக்ஸி ஆப்பில் இந்திய கார்டைச் சேர்த்தால் ஓடிபி வராமலேயே ஃபெயில் ஆகிறது. சிம்மை மாற்றவே இல்லையே?

கடற்கரை_டவர்
செந்தில், உங்களுடையது வேறு. வாசுவுக்கு ஓடிபி பக்கம் வந்தது, மெசேஜ் வரவில்லை. உங்களுக்கு அந்தப் பக்கமே வரவில்லை. அப்படியென்றால் பேங்க் முதலிலேயே மறுத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் அணைத்தே வரும். பேங்க் ஆப்பில் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். இரண்டையும் ஆன் செய்து, வரம்பு பூஜ்யத்தில் இல்லை என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் பல ஓடிபி கேட்காமலேயே பணம் எடுக்கும், அதனால் வராத ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டாம்.

மதுரை_கலா
வாசு தம்பி, மாலை வரை பதற்றப்பட வேண்டியதே இல்லை. பாலிசி நம்பரைத் தங்கையிடம் கொடுங்கள், பெரும்பாலான கம்பெனிகளில் ரினீவல் லிங்கில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். உங்கள் கார்டு நம்பரையோ பின்னையோ அனுப்பாதீர்கள், அவர் தன் கணக்கிலிருந்து கட்டட்டும். நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, பாலிசி கைவிட்டுப் போகாது. ஆனால் கெடு முடிந்து நீங்கள் கட்டும் வரை உள்ள நாட்களில் அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் க்ளெய்ம் கிடைக்காது.

தாம்பரம்_வாசு
தங்கை மதியமே கட்டிவிட்டாள், ரசீதும் வந்துவிட்டது. கலா அக்கா, மிக்க நன்றி.

ஓடிபி விஷயம்: 7.45க்கு ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்த பிறகும் தங்கையின் எஸ்எம்எஸ் வரவில்லை. நெட்வொர்க்கை ஏஐஎஸ்ஸுக்கு மாற்றியதும் சிறிது நேரத்தில் வந்தது. ஹோட்டல் முன்பதிவு ஒன்றுக்கு அதே கார்டைப் போட்டேன், ஓடிபி உடனே வந்தது. யுபிஐ ஆப் மட்டும் இன்னும் சரிபார்ப்பில் நிற்கிறது. எஸ்எம்எஸ் போனதாகக் காட்டுகிறது, பேலன்ஸிலும் காசு பிடித்திருக்கிறது, ஆனால் ஆப் அதை ஏற்கவில்லை.

கடற்கரை_டவர்
ரோமிங்கிலிருந்து போகும் அந்த மெசேஜை சில பேங்க்குகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. காசைக் கரைக்காமல் யுபிஐயைச் சென்னை திரும்பிய பிறகு பாருங்கள். இப்போது கார்டு வேலை செய்வதால், பேங்க் ஆப்பில் ஈமெயிலுக்கும் ஓடிபி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இன்றே போட்டு வையுங்கள்.

சியோல்_மாணவி
சிம்மை மாற்றவில்லை, வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவின் எஸ்எம்எஸ் வருகிறது, மற்ற ஆப்களின் ஓடிபியும் வருகிறது. ஒரு பேங்க்கின் ஓடிபி மட்டும் வருவதே இல்லை. இதற்கு என்ன செய்வது?

கடற்கரை_டவர்
அப்படியென்றால் சிம்மும் ரோமிங்கும் நன்றாக இருக்கின்றன, பேங்க் அனுப்பும் வழியில்தான் சிக்கல். ஓடிபி பக்கத்தில் காட்டும் கடைசி இலக்கங்கள் இந்த நம்பருடையவைதானா? பணம் எடுத்ததற்கான எஸ்எம்எஸ் அதே பேங்க்கிலிருந்து வருகிறதா? இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். போனில் தெரியாத அனுப்புநர், ஸ்பாம் ஃபோல்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.